டீ மாஸ்டரிடம் கேட்க வேண்டிய கணக்கு

கல்லூரி ஹெல்த் கிளப் கூட்டத்தில் சர்க்கரையைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் நீரிழிவில்தான் தொடங்குவார்கள். கண் போகும், கால் போகும், சிறுநீரகம் போகும் என்று வரிசையாகப் பயமுறுத்துவார்கள். பத்தொன்பது வயதுக்காரருக்கு ஐம்பது வயதில் வரக்கூடிய நோய் என்பது பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. மரியாதைக்குக் கைதட்டிவிட்டு நேராக கேன்டீனுக்குப் போவார்கள்.

பேசப் போகிறவர் முதல் நாளே கேன்டீன் அடுப்பங்கரைக்குப் போய் வந்தால் பேச்சு வேறு மாதிரி அமையும். இடைவேளையில் முண்டியடிக்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு டம்ளரிலும் ஸ்பூன் போட்டுக் கலக்க நேரம் இருக்காது என்பதால், பல கேன்டீன்களில் சர்க்கரையை மொத்தமாகவே கலந்து கேனில் ஊற்றி வைத்துவிடுகிறார்கள். குடிப்பவருக்குத் தன் டீயில் எவ்வளவு சர்க்கரை என்பதே தெரியாது. “அண்ணா, ஒரு கேன் டீக்கு எவ்ளோ சர்க்கரை போடுவீங்க? அதுல எத்தனை டீ வரும்?” என்று மாஸ்டரிடம் கேட்டால் போதும். ஒரு கிலோவுக்கு நூறு டீ என்று அவர் சொன்னால் ஒரு டீயில் 10 கிராம், அதாவது வீட்டு டீஸ்பூனில் இரண்டு. எண்பது டீதான் என்றால் பன்னிரண்டு கிராமைத் தாண்டும். இங்கே ஒரு தப்பு நேர வாய்ப்பு உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ செலவாகிறது என்று கேட்டு வகுத்தால் கணக்கு உதைக்கும். காபி, பால், எலுமிச்சை ஜூஸ் எல்லாவற்றுக்கும் அதே மூட்டைதானே. ஒரே ஒரு கேனுக்கு மட்டும் கேட்க வேண்டும்.

கோலாவுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, லேபிளிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே எழுதியிருப்பது 100 மில்லிக்கு எவ்வளவு என்ற கணக்கு. வழக்கமான கோலாக்களில் அது பத்து, பதினொரு கிராம். குடிப்பவரோ 250 மில்லி பாட்டிலை முழுதாகக் குடிக்கிறார். இரண்டரையால் பெருக்கினால் ஏறக்குறைய 26 கிராம் வரும்.

இப்போது ஒரு விடுதி மாணவரின் நாளை எடுத்துக்கொள்வோம். பதினொரு மணிக்கு ஒரு டீ, மதியம் சாப்பிட்டு ஒரு டீ, நாலு மணிக்கு ஒன்று. மாலையில் கிரிக்கெட் முடிந்து ஒரு கோலா. மூன்று டீக்கு 30, கோலாவுக்கு 26, மொத்தம் 56 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, ஒரு நாளில் உடலுக்குச் சேரும் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இப்படிச் சேர்த்த சர்க்கரையிலிருந்து வர வேண்டும் என்பது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். நம் மாணவர் ஒரு லட்டுகூட வாயில் வைக்காமல் வரம்பைத் தாண்டிவிட்டார். மேடையில் ஒரு தராசையும் காலி டம்ளரையும் வைத்து, அந்த 56 கிராமை எல்லோர் கண் முன்னாலும் கொட்டிக் காட்டலாம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே இந்தக் கணக்கில் சேர்த்திதான் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடிப்பதை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பதில் தருகிறது. பதினைந்து பேருக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரி அளவுக்கு ஜெல்லி மிட்டாய் கொடுத்தார்கள். இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைச் சோடா பானமாகக் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் அவர்கள் தம்மையறியாமல் மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். பானம் குடித்த நாட்களில் குறைக்கவில்லை, எடை ஏறியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் குடித்த சர்க்கரையை வயிறு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை என்பதை நன்றாகவே காட்டுகிறது.

சரி, பதிலுக்கு எதைக் குடிப்பது? தண்ணீர், நீர்மோர், சர்க்கரை போடாத டீ, உப்பு மட்டும் போட்ட எலுமிச்சை. பட்டியல் இவ்வளவுதான். கோலாவை விட்டவர் ரோஸ் மில்க்குக்கோ ஜூஸ் கடைச் சாத்துக்குடிக்கோ தாவினால் சர்க்கரைக் கணக்கில் பெரிய மாற்றம் எதுவும் வராது. டயட் கோலா குடிக்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சர்க்கரை இல்லை என்பது உண்மை, ஆனால் அமிலம் அப்படியேதான் இருக்கிறது. பல் எனாமல் கரைவது சர்க்கரை இல்லாத கோலாவிலும் நடக்கும், அதுவும் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்போது. இந்த விஷயத்தில் உப்பு எலுமிச்சையும் அமிலம்தான். மடக்கென்று குடித்துவிட்டு வாய் கொப்பளிப்பது நல்லது. எடையைக் குறைக்கச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லியும் இருக்கிறது.

“டீயை விடுங்கன்னு சொல்ல நான் வரல. எனக்கும் டீ வேணும்” என்று பேசுபவர் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். கேட்பது இனிப்பைக் குறைக்கத்தான். இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றரை, சில வாரம் கழித்து ஒன்று. நாக்கு பழகுமா? உணவில் சர்க்கரையைக் குறைத்தவர்களை மூன்று மாதம் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. இரண்டு, மூன்று மாதத்தில் அதே பண்டம் அவர்களுக்கு முன்பைவிட அதிகமாக இனித்தது. ஆனால் இனிப்பின் மேல் இருந்த பிரியம் மாறவில்லை. கட்டுப்பாடு முடிந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள். அதனால் “பழகினால் பிடித்துப்போகும்” என்று மேடையில் வாக்குக் கொடுக்காமல் இருப்பதே நேர்மை. குறைந்த இனிப்பே போதுமானதாகத் தெரிய ஆரம்பிக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

பேச்சாளர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடம் பதினொரு மணி டீ. விடுதியில் காலை டிபனைத் தவறவிட்டவருக்கு அந்த இனிப்பு டீதான் காலைச் சாப்பாடு. சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டு வேறு எதுவும் தராவிட்டால் அவர் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டில் போய் நிற்பார். அந்த நேரத்துக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ கிடைக்க வேண்டும் என்பதும் ஹெல்த் கிளப்பின் கோரிக்கையில் இருக்க வேண்டும். குடிதண்ணீர்க் குழாயும் அப்படியே. ஃபில்டர் மாற்றிப் பல மாதமாகி, தண்ணீர் வெதுவெதுப்பாக வரும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தண்ணீர் குடியுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? ஜில்லென்று இருப்பதுதான் கோலாவின் பாதிக் கவர்ச்சி. பானையோ கூலரோ, குளிர்ந்த நீர் கோலா விற்கும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும்.

கேன்டீன்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கேனில் சர்க்கரை கலக்காமல், தனியாக ஒரு டப்பாவில் ஸ்பூனோடு வையுங்கள். போடுகிறவர் கை அளவு தெரிந்து போடட்டும். மெஷின் டீ விற்கும் கல்லூரியில் இது நடக்காது. அந்தப் பொடியிலேயே சர்க்கரை கலந்து வருவதால், சர்க்கரை இல்லாத பொடியை வரவழைக்கச் சொல்ல வேண்டும். நிர்வாகத்திடம் பேசும்போது, கல்லூரி வளாகங்களில் ஜங்க் உணவைத் தடை செய்யும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் சுற்றறிக்கை அனுப்பி, 2018-இல் அதை நினைவூட்டியதையும் சொல்லலாம்.

டீ விஷயத்தில் கேன்டீன்காரர் சுலபமாக இறங்கி வருவார்; சர்க்கரை மிச்சமாவது அவருக்கு லாபம்தான். கோலா அப்படியல்ல. பல இடங்களில் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டியே கம்பெனி கொடுத்தது, அதில் அவர்கள் சரக்கைத்தான் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். மோர் பாக்கெட்டுக்கு அதில் ஒரு தட்டு ஒதுக்குங்கள் என்று கேட்டால் அவர் கையை விரிக்கலாம். அதனால் முதல் பருவத்தில் டீயை முடித்துவிட்டு, மோருக்குத் தனியாக ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கித் தரும்படி முதல்வரிடம் மனு கொடுப்பது நடக்கக்கூடிய வழி.