வாக்-இன் வீடியோவில் சொல்லும் சம்பளம், கையில் வரும் சம்பளம்

கொரட்டூரைச் சுற்றி வேலை இல்லாமல் இல்லை. பாடி, பட்டரவாக்கம், அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்துப் பேர், முப்பது பேர் வேலை பார்க்கும் சிறு கம்பெனிகள் உண்டு. முன்பெல்லாம் கேட்டில் ஒரு பலகை தொங்கும். இப்போது அந்தப் பலகை ஒரு நிமிடத்துக்கும் குறைவான வீடியோவாகி செல்போனுக்கு வருகிறது. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “கொரட்டூர்ல சிறு கம்பெனி. குவாலிட்டி செக்கிங், பேக்கிங் வேலை. சம்பளம் 17,400-ல இருந்து 22,000 வரைக்கும். திங்கள், செவ்வாய், புதன் நேரடி இன்டர்வியூ. ஆதார், சர்டிபிகேட், ரெண்டு போட்டோ எடுத்துட்டு வாங்க.”

இதில் பொய் ஒன்றும் இல்லாமலே ஒருவர் ஏமாந்து போகலாம். சிக்கல் சம்பளத்தில் இருக்கிறது.

17,400 என்பது பல நேரங்களில் கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மாதச் சம்பளம் 15,000 என்றும், அது முழுவதற்கும் பி.எஃப். கட்டுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காக 12 சதவீதமும், அதோடு சேர்ந்த நிர்வாக, காப்பீட்டுக் கட்டணமாக ஏறக்குறைய 1 சதவீதமும் கட்ட வேண்டும். அது 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், அதாவது 488 ரூபாய். எல்லாம் சேர்ந்தால் 17,438. வீடியோவில் வருவது இந்தத் தொகை. உங்கள் பக்கத்தில் 15,000-லிருந்து பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113 பிடிப்பார்கள். கையில் வருவது 13,087. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். அறிவிப்புக்கும் கைக்கும் நடுவே நாலாயிரத்துக்கு மேல் வித்தியாசம். பி.எஃப். பணம் உங்கள் பெயரில்தான் சேர்கிறது, இ.எஸ்.ஐ. மருத்துவம் குடும்பத்துக்கே கிடைக்கிறது. ஆனால் வாடகை கொடுக்க வேண்டிய முதல் தேதியில் அவை உதவாது.

அடுத்தது அந்த 22,000. இந்த மேல்வரம்பு பெரும்பாலும் ஓ.டி. சேர்த்த கணக்கு. 15,000-ஐ 26 நாளால், பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு சுமார் 72 ரூபாய். தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம், ஆகவே 144 ரூபாய். 7,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்க மாதத்துக்கு ஏறக்குறைய 48 மணி நேரம் அதிகம் உழைக்க வேண்டும். இரட்டிப்புக் கொடுக்காமல் சாதாரணக் கூலியிலேயே ஓ.டி. போடும் இடத்தில் அது 97 மணி நேரமாகிவிடும். ‘12 மணி நேர ஷிப்ட்’ என்ற சொல் வீடியோவில் எங்கேயாவது ஓரமாக வந்தால் இந்தக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள்.

ஆகவே இன்டர்வியூவில் கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்டுவிட வேண்டும்: “பிடித்தம் போக, ஓ.டி. இல்லாம, கையில எவ்வளவு வரும்?” அதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாதவரிடம் அவசரப்பட்டுச் சேரத் தேவையில்லை.

“கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?” என்பது அடுத்த கேள்வி. வீடியோவில் காட்டுவது ஒரு கம்பெனியின் கேட். வரச் சொல்வது ஏதோ ஒரு மாடியில் உள்ள கன்சல்டன்சி ஆபீஸ். அப்படி இருந்தால் உங்களுக்குச் சம்பளம் போடப்போவது ஆள் அனுப்பும் கான்ட்ராக்டராக இருக்கலாம். அது தவறில்லை. ஆனால் பி.எஃப். யார் பெயரில் கட்டப்படும், சம்பளம் நின்றால் யாரைக் கேட்பது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். சில இடங்களில் வேலை என்று கூப்பிட்டு அப்ரென்டிஸாகச் சேர்ப்பார்கள். அப்ரென்டிஸ் சட்டப்படி சேர்ந்தவருக்கு உதவித்தொகைதான், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. முறையான அப்ரென்டிஸ் ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகும். அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி உண்மையா என்று பார்க்க, பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் Establishment Search என்ற பகுதி இருக்கிறது. லாகின் வேண்டாம், பணம் வேண்டாம். கம்பெனி பெயரைத் தட்டினால், எந்த மாதம் எத்தனை பேருக்குப் பி.எஃப். கட்டியிருக்கிறார்கள் என்று வரும். “இருநூறு பேர் வேலை பார்க்கிறாங்க” என்று வீடியோவில் சொல்லிவிட்டு அங்கே பன்னிரண்டு பேருக்கு மட்டும் கட்டியிருந்தால், மீதிப் பேர் எங்கே என்று கேட்கலாம். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்குப் பி.எஃப். கட்டாயமில்லை, 10 பேருக்குக் குறைந்தால் இ.எஸ்.ஐ.யும் பொதுவாகக் கட்டாயமில்லை. தேடிக் கிடைக்கவில்லை என்பதாலேயே ஒரு சிறு பட்டறையை மோசடி என்று முடிவு கட்டக் கூடாது.

மோசடியின் அடையாளம் வேறு. விண்ணப்பிக்கும் முறையில் எங்கேயாவது பணம் நுழையும். ரெஜிஸ்ட்ரேஷன், யூனிபார்ம், ஐ.டி. கார்டு, ட்ரெயினிங், ‘திருப்பித் தரும் டெபாசிட்’ எனப் பெயர் மாறும். ஐநூறு ரூபாய்தானே என்று தோன்றும் அளவில் வைத்திருப்பார்கள். நூறு பேர் கொடுத்தால் ஐம்பதாயிரம். தேதியையும் கவனியுங்கள். ‘இன்று, நாளை’ என்று சொல்லி நாள் குறிப்பிடாத வீடியோ, போன வருடத்து அறிவிப்பை வேறு எண் போட்டு மறுபடி விட்டதாக இருக்கலாம். வீடியோவில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் எண்ணைத் தனியாகத் தேடி ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. ஆதாருக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த நகல் போதும். சம்பளக் கணக்கு தொடங்கித் தருகிறோம் என்று ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் வாங்கிக்கொள்பவரிடம் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் புரண்டால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு உண்டு, ஆகவே வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக் கடத்தும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பு. நேரில் புகார் கொடுப்பதானால், கொரட்டூர் 2022-லிருந்து ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது.

சேர்ந்து வேலை பார்த்தும் சொன்ன சம்பளம் தராவிட்டால், அது தொழிலாளர் துறைக்குப் போக வேண்டிய புகார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. வேலையை விட்டவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காத சம்பளத்தைக் கேட்டு மூன்று ஆண்டுக்குள் மனு செய்யலாம். ‘ட்ரெயினிங் பத்து நாள், சம்பளம் இல்லை’ என்று சொல்லி மெஷினில் நிறுத்தி உற்பத்தி வாங்கினால், அந்தப் பத்து நாளையும் மனுவில் எழுதுங்கள்.

அந்த மனுவோடு வைக்க உங்களிடம் இருக்கும் முதல் ஆதாரம் அதே வீடியோதான். அது ஒப்பந்தம் ஆகிவிடாது; ஆனால் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைக் காட்டும். ஆட்கள் கிடைத்ததும் வீடியோவை அழித்துவிடுவார்கள். அதனால் இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன்பே அதைப் பதிவிறக்கி, போட்ட கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பையும், வேலைக்குப் போன நாட்களை எழுதிய தாளையும் அதோடு சேர்த்து வையுங்கள்.