எழுத்து ஒன்று, அழுத்தம் இரண்டு

‘கெடு’ என்பது வினை. முதல் எழுத்தை நீட்டி ‘கேடு’ என்றால் அது பெயர். சுடு சூடாகிறது, படு பாடாகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். தமிழில் இந்தத் திரிபு எழுத்திலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் முதல் அசையை வைத்துப் பெயரையும் வினையையும் பிரிக்கும் சொற்கள் உண்டு. ஆனால் அங்கே எழுத்து அசையாது. குரல் ஓங்கும் இடம் மட்டும் மாறும்.

நாம் அன்றாடம் சொல்லும் ‘ரெக்கார்டு’ அப்படிப்பட்டது. விளையாட்டில் முறியடிக்கிற சாதனையும், அலுவலகத்தில் பூட்டி வைக்கிற ஆவணமும் பெயர்ச்சொல். அதில் முதல் அசை ஓங்கி, ‘ரெ’ தெளிவாக ஒலிக்கும். பாட்டைப் பதிவு செய்வது வினை. அப்போது ஓங்குவது இரண்டாம் அசை. வலுவிழந்த முதல் அசை சுருங்கி ‘ரி’ ஆகிவிடும்: ‘ரிக்கோர்ட்’. அழுத்தம் போன இடத்தில் உயிரொலி மங்குவது ஆங்கிலத்தின் இயல்பு. அதனால்தான் ஒரே எழுத்துகள் இரண்டு சொற்களைப் போலக் காதில் விழுகின்றன.

வகுப்பில் வருகைப் பதிவின்போது மாணவர்கள் சொல்லும் ‘பிரசன்ட் சார்’ இன்னொரு உதாரணம். அங்கே அது பெயரடை. முதல் அசைதான் ஓங்க வேண்டும். பரிசுப்பொருள் என்ற பெயர்ச்சொல்லுக்கும் அதே ஒலிதான். அந்தப் பரிசை மேடையில் வழங்கும்போது சொல் வினையாகிறது: ‘பிரிஸென்ட்’. இப்போது முன்பகுதி தேய்ந்து, ‘ஸென்ட்’ நிமிர்கிறது.

தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. அதனால் நமக்கு இந்த வேறுபாடு காதில் எளிதாக விழாது. இரண்டுக்கும் ஒரே ‘ரெக்கார்டு’ என்று சொல்லிவிடுகிறோம். இங்கேதான் அகராதி கைகொடுக்கும், அதன் குறிகளைப் படிக்கத் தெரிந்தால்.

ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியில் இந்தச் சொல்லைப் பார்த்தால், பெயருக்கு /ˈrekɔːd/ என்றும் வினைக்கு /rɪˈkɔːd/ என்றும் தனித்தனியாக இருக்கும். மேலே நிற்கும் சிறு கோடுதான் அழுத்தக்குறி. அது எந்த அசைக்கு முன்னால் நிற்கிறதோ அந்த அசையை ஓங்கிச் சொல்ல வேண்டும். காலின்ஸ் கோபில்ட் அகராதியின் வழி வேறு. அழுத்தம் பெறும் உயிரொலியின் கீழ் அது அடிக்கோடு இடுகிறது. பெயருக்கு இந்த ஒலி, வினைக்கு இந்த ஒலி என்று வாக்கியமாகவும் சொல்லிவிடுகிறது.

குழப்பம் வருவது அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதியில். பெயருக்கு அது (rĕk′ərd) என்றும், வினைக்கு (rĭ-kôrd′) என்றும் போடுகிறது. இங்கே குறி, அழுத்தம் பெறும் அசைக்குப் பின்னால் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பழக்கத்தில் இதைப் படிப்பவர் பெயரை வினையாக உச்சரிப்பார். எனவே புதிய அகராதி ஒன்றைத் திறந்ததும், உச்சரிப்பு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைப் பார்த்துக் குறியின் இடத்தை உறுதி செய்துகொள்வது நல்லது. இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்துமுன், அருகில் பெயர் என்றிருக்கிறதா, வினை என்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதலில் வரும் ஒலி நாம் தேடியதாகத்தான் இருக்கும் என்பதில்லை.

பெயருக்கு முன்னசை, வினைக்குப் பின்னசை என்று விதியாகவே மனப்பாடம் செய்துவிடலாமா? முடியாது. ‘ரிப்போர்ட்’, ‘கண்ட்ரோல்’ இரண்டும் பெயரானாலும் வினையானாலும் இரண்டாம் அசையில்தான் ஓங்கும். ‘ஆன்சர்’, ‘விசிட்’ எப்போதும் முதல் அசையில்.

இந்தக் கூட்டம் வளர்ந்துகொண்டே வந்திருப்பதும் விதி அமையாததற்கு ஒரு காரணம். மொழியியலாளர் டொனால்ட் ஷெர்மன் பழைய அகராதிகளை வரிசையாகப் புரட்டி எண்ணி, 1975-இல் தன் ஆய்வை வெளியிட்டார். 1570-இல் இப்படி அழுத்தம் மாறும் சொற்கள் மூன்றே மூன்று. அதில் ‘ரெக்கார்டு’ம் ஒன்று. 1660-இல் 24. 1934-இல் 150. ஒவ்வொன்றாகத்தான் சொற்கள் வரிசையில் சேர்ந்திருக்கின்றன. முகவரியைக் குறிக்கும் ‘அட்ரஸ்’ இன்னும் நடுவழியில் நிற்கிறது. பிரிட்டனில் அது பெயரானாலும் பின்னசையிலேயே ஓங்குகிறது. அமெரிக்காவில் பலர் பெயருக்கு அழுத்தத்தை முன்னசைக்கு நகர்த்திவிட்டார்கள்.

வினையிலிருந்து பிறந்த சொற்கள் வினையின் அழுத்தத்தையே தக்கவைத்துக்கொள்ளும். ஆகவே ஒலிப்பதிவைக் குறிக்கும் ‘ரெக்கார்டிங்’ பெயர்ச்சொல்லே ஆனாலும், ஆங்கிலத்தில் அதன் சரியான ஒலி ‘ரிக்கோர்டிங்’.