கிளட்ச் கனக்குதா? கேபிளைக் கேளுங்கள்!

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். திரும்பி வரும்போது அதுவே ஏற்றம். இது ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் முழுசாகப் புரிந்தது. பைக்கைத் தள்ளிக்கொண்டு ஏறினேன்!

முன்னால் ஒரு லாரி, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் நான், முதல் கியர், இரண்டாம் கியர் என்று கிளட்ச்சைப் பிடிப்பதும் விடுவதுமாக. திடீரென்று 'டப்'. கிளட்ச் லீவர் உயிரே இல்லாமல் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. பைக் இரண்டு குதி குதித்து நின்றது. நியூட்ரலுக்குத் தட்டிவிட்டு ஓரமாகத் தள்ள ஆரம்பித்தேன். கடைசியில் ஒரு மினி வேன்காரர் மனமிரங்கி வண்டியையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். மனம்தான் இரங்கியது, வாடகை இரங்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் கேபிள் எனக்கு இரண்டு மாதமாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. கிளட்ச் நாளுக்கு நாள் கனத்தது. ஆபீஸ் போய்ச் சேரும்போது இடது கை விரல்கள் மடங்க மறுக்கும். "ஃபைல் எழுதி எழுதி கை ஓய்ஞ்சு போச்சு" என்றேன் பக்கத்து சீட் நண்பரிடம். "எழுதினாத்தானே ஓயும்?" என்றார் அவர். அதோடு அந்த விசாரணை முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அறுந்த கேபிளை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, "இது தானா அறுந்துபோகல சார். நீங்க அறுத்துட்டீங்க" என்றார்.

"நானா? நான் கிளட்ச்சைத்தானே பிடிச்சேன்?"

"இழுத்து கேபிள் அறுறது ரொம்பக் கம்மி சார். மடங்கி மடங்கித்தான் அறும். எங்க அறுந்திருக்கு பாருங்க."

லீவருக்குள் உட்காரும் உருளைக் குமிழ் இருக்கிறதே, நிப்பிள், அதற்குச் சரியாக ஒட்டி அறுந்திருந்தது. லீவரைப் பிடிக்கும்போது அந்தக் குமிழ் தன் குழிக்குள் லேசாகத் திரும்ப வேண்டும். கிரீஸ் இல்லாமல் காய்ந்து இறுகிவிட்டால் குமிழ் திரும்பாது. அதற்குப் பதில் கம்பி மடங்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை கிளட்ச் பிடித்தால் நூறு மடங்கல். தகரத் துண்டை முன்னும் பின்னும் வளைத்து உடைப்பது மாதிரி, இழை இழையாகப் போகும். லீவரில் ஆட்டம் கூடுகிறது என்று அடிக்கடி அட்ஜஸ்டரைத் திருகுகிறோமே, அப்போது கேபிள் நீள்கிறது என்று நினைக்கிறோம். பல சமயம் அது இழைகள் ஒவ்வொன்றாக அறும் சேதி. நிப்பிள் பக்கத்தில் ஒரே ஒரு இழை முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிளை மாற்றிவிட வேண்டியதுதான்.

"சரி அண்ணே, அறுந்ததுக்குக் காரணம் தெரிஞ்சுது. கனத்ததுக்கு?"

அவர் வண்டியின் ஹெட்லைட் பக்கம் கையைக் காட்டினார். போன வருஷம் வேறொரு கடையில் ஹெட்லைட் வேலை பார்த்தபோது கேபிளைக் கழற்றியவர்கள், திரும்ப மாட்டும்போது அதன் வளையத்தில் கோக்காமல் சுருக்கு வழியாகத் திணித்திருக்கிறார்கள். ஹேண்டில்பார் பக்கத்தில் கேபிள் ஒரு முறை வெடுக்கென்று மடங்கி, மறுபடியும் திரும்பி, அப்புறம்தான் டேங்க்குக்கு அடியில் நுழைந்திருந்தது.

"ஊர்ல மிரளுற மாட்டை எப்படி சார் நிறுத்துவாங்க? கயித்தைக் கம்பத்துல ஒரு சுத்து சுத்திட்டா, நுனியைச் சின்னப் பையன் பிடிச்சாலும் மாடு இழுக்க முடியாது. கம்பத்துல உரசற உரசலே பாதி பலத்தைத் தின்னுடும். கேபிள் வளைவும் அப்படித்தான். இங்க மாடு நீங்க!"

உவமை கொஞ்சம் உறுத்தினாலும் கணக்கு உண்மை. உதாரணத்துக்கு, எஞ்சின் பக்கம் கிளட்ச்சைத் தள்ள கேபிளில் 10 கிலோ இழுவிசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் உள்ள கேபிள் வழியில் ஒரு 90 டிகிரி வளைவு இருந்தால், லீவர் பக்கம் சுமார் 12.5 கிலோ கொடுக்க வேண்டும். அந்த மாதிரி இரண்டு வளைவு என்றால் 16 கிலோ. அதே இரண்டு வளைவில் எண்ணெய் காய்ந்து உராய்வு இரட்டிப்பானால், சுமார் 25 கிலோ! உராய்வைப் பொறுத்து எண்கள் மாறும். ஆனால் போக்கு இதுதான்: வளைவுகளின் பாரம் கூட்டல் கணக்கில் ஏறாது, வட்டிக்கு வட்டி போட்டு ஏறும்.

இந்தக் கேபிளுக்கு 'பௌடன் கேபிள்' என்று பெயர். 1896-ல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது. உள்ளே முறுக்கிய எஃகுக் கம்பி. வெளியே அதைத் தாங்கும் சுருள் உறை. மெக்கானிக் பாஷையில் இன்னர், அவுட்டர். 1980-ல் ஓசூரில், அன்று அது நம் தர்மபுரி மாவட்டம், டி.வி.எஸ். 50 மொபெட் வந்தபோது அதில் கிளட்ச் லீவரே கிடையாது. ஆனால் பிரேக்குக்கு இதே கேபிள் உண்டு. லீவர் கனத்தால் விரல் சோம்பும்; பிரேக்கில் சோம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாக் கனத்துக்கும் கேபிளைக் குற்றம் சொல்லவும் கூடாது. சோதனை சுலபம். எஞ்சின் பக்க முனையைக் கழற்றிவிட்டு, கம்பியை அவுட்டருக்குள் கையால் இப்படியும் அப்படியும் இழுத்துப் பாருங்கள். முக்கினால் கேபிள் குற்றவாளி. வழுக்கிக்கொண்டு ஓடினால் அடுத்து லீவரின் போல்ட்டைச் சந்தேகப்படுங்கள், காய்ந்திருக்கும். அதுவும் சுகமாக ஆடினால் கோளாறு கிளட்ச்சுக்குள். அது மெக்கானிக் வேலை.

அண்ணன் புதுக் கேபிளைப் பூட்டிய விதத்தைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். முதலில் பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடித்து அளந்தார். அவுட்டரின் நீளமும், வெளியே நீட்டும் கம்பியின் நீளமும் இரண்டுமே ஒத்துப்போக வேண்டும். அடுத்து லீவர் பக்க அட்ஜஸ்டரையும் அதன் லாக் நட்டையும் முழுக்க உள்ளே திருகி, இரண்டிலும் உள்ள வெட்டுக்களை லீவரின் வெட்டோடு ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தார். கம்பி அந்தச் சந்து வழியே தானாக நழுவி வந்தது. நிப்பிளுக்கு ஒரு பொட்டு கிரீஸ்.

"சரியா ஓடுற பழைய கேபிளை மாத்தறவங்க அதை மொத்தமா உருவக் கூடாது சார். அதோட முனையில ஒரு நூலைக் கட்டிட்டு உருவணும். கேபிள் வந்த வழியில நூல் நிக்கும். அதைப் பிடிச்சே புதுசை இழுத்துக்கலாம். உங்களது தப்பான வழி, அதனால நூல் வேணாம்!"

என் வண்டிக்கு அவர் புது வழி போட்டார். வளையத்துக்குள் கோத்து, பெரிய வளைவாக, சைலன்சர் சூடு படாமல், ஃபோர்க்குக்கும் டேங்க்குக்கும் நடுவில் நசுங்காமல். பிறகு சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடி வரை, வலது கோடி வரை திருப்பினார். எந்தக் கோடியிலும் லீவரின் ஆட்டம் மாறக் கூடாது. எஞ்சின் சத்தம் ஏறவும் கூடாது. ஏறினால், பக்கத்தில் உள்ள ஆக்ஸிலரேட்டர் கேபிளை நாம் இடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

கடைசியாக அட்ஜஸ்ட்மெண்ட். பெரிய அளவை எஞ்சின் பக்கத்தில், நுணுக்கத்தை லீவர் பக்கத்தில். லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லி மீட்டர், அதாவது சுண்டுவிரல் தடிமனுக்குள், சும்மா ஆட வேண்டும். பெரும்பாலான பைக்குகளுக்கு இது சரி. உங்கள் வண்டிக் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் வேதம். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் முழுக்கப் பிடிக்காமல் வழுக்கும். ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், வண்டி நகராது, பிளேட் கருகும். ஆட்டம் அதிகமானால் கிளட்ச் முழுக்க விடாது. கியர் விழும்போது கடமுடா, சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது. புதுக் கேபிள் சில நாளில் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும். அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

டிரம் பிரேக் கேபிளுக்கும் இதே வழிதான். ஒன்று மட்டும் கூடுதல்: முடித்தபின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும்; லீவரைப் பிடித்தால் நின்று, விட்டால் உடனே விடுபட வேண்டும். வண்டியைத் தள்ளியபடியே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் ஏற வேண்டும். ஒரு லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் இன்றைய ஸ்கூட்டர்களில் வீட்டுக் கை வைத்தியம் வேண்டாம். அதன் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை.

எண்ணெய் போடுவது மட்டும் நாமே செய்யலாம். கேபிளின் மேல்முனையைக் கழற்றி நிமிர்த்திக் கட்டுங்கள். பாலிதீன் பையின் மூலையைக் கத்தரித்து, அவுட்டரின் வாயில் புனல் மாதிரி டேப் சுற்றுங்கள். மெல்லிய மெஷின் ஆயில் ஒரு ஸ்பூன் விட்டு, கம்பியை மேலும் கீழும் ஆட்டுங்கள். அவசரப்படாதீர்கள், ராத்திரி முழுக்க விட்டால்கூடச் சரி. கீழ்முனையில் முதலில் கறுப்பாக வரும். தெளிவாகச் சொட்டும்வரை விடுங்கள். பிரேக் கேபிள் என்றால் அந்தச் சொட்டு டிரம் பக்கம் போகாமல் துணி கட்டுங்கள். கேபிளுக்குள் கிரீஸ் வேண்டாம், தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். மண்ணெண்ணெய் விட்டால் அழுக்கு போகும். கூடவே வழுவழுப்பும் போகும். உள்ளே பிளாஸ்டிக் குழல் வைத்த கேபிள்களில் சிலதுக்கு எண்ணெயே கூடாது. கம்பெனிக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி தொப்பூர் ஏற்றம். முன்னால் வேறொரு லாரி, அதே முனகல். நான் இரண்டே விரலில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று ஏறினேன்.

புதுக் கேபிளுக்கும் கூலிக்கும் சேர்த்து எவ்வளவு ஆச்சு என்று நண்பர் கேட்டார். சொன்னேன். "இவ்வளவுதானா?" என்றார்.

மினி வேன் வாடகையை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை!