பாட்டி சொன்ன கதை, அரைப் பக்கத்தில்

திசையன்விளைப் பாட்டி ஒருவர், தாத்தாவின் நினைவு மலருக்காக, படுக்கையில் இருந்தபடியே ஒரு மணி நேரம் பேசுகிறார் எனக் கொள்வோம். அரைப் பக்கத்தில் ஓர் இழைதான் அடங்கும். பனையேறிய தாத்தா கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்த் திரும்பியதை எடுத்துக்கொள்கிறோம். உறவினர் பெயர்களை வம்சாவளிப் பட்டியலுக்கு விட்டுவிடுகிறோம்.

“தனுஷ்கோடி அழியிறதுக்கு முந்தின ஆடியில வந்தாவ, ஒரு வயசுப் புள்ளைய அப்பதான் பாத்தாவ” என்கிறார் பாட்டி. அந்தப் புயல் 1964 டிசம்பரில் வீசியது. ஆகவே அவர் திரும்பியது அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டில். மகளின் பிறப்புச் சான்றிதழ் 1963 என்றால் கணக்குப் பொருந்தும். 1965 என்றிருந்தால், திருத்தாமல் பாட்டியிடமே மறுபடி கேட்கிறோம். பள்ளியில் சேர்க்க வயதை மாற்றியிருக்கலாம்.

பாட்டியின் அந்த வாக்கியத்தை அப்படியே வைத்து, மற்றதைச் சுருக்குகிறோம். அச்சுக்குமுன் அவருக்கே வாசித்துக் காட்டுகிறோம். “இதைப் போடாதே” என அவர் சொல்வது நீங்கும்.