கண்ணை எரிக்கும் சன்ஸ்கிரீன்

சன்ஸ்கிரீன் பூசியதால் கண் எரிந்தால், எரிச்சல் எப்போது தொடங்குகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பூசிய கையோடு கரித்து, சற்று நேரத்தில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் அதிலுள்ள ஆல்கஹாலின் ஆவியே காரணம். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து, வியர்க்கத் தொடங்கியதும் எரிந்தால், பூச்சே கண்ணுக்குள் இறங்கியிருக்கிறது.

இரண்டாவது வகையே அதிகம். அவோபென்சோன், ஆக்டோகிரிலீன், ஹோமோசலேட் போன்ற புற ஊதா வடிகட்டிகள் எண்ணெயில் கரைபவை. முகத்தில் ஊறும் எண்ணெயோடும் வியர்வையோடும் கலந்து இவை மெல்ல நகர்கின்றன. கண்ணைச் சுற்றி மட்டும் பூசாமல் விட்டாலும் நெற்றியிலிருந்து வழிந்து இமையோரத்தை அடைந்துவிடும். அங்கே கண்ணீர்ப் படலத்தில் கலந்ததும் எரிச்சல், நீர் வடிதல், மங்கலான பார்வை தொடங்கும். கண்ணைத் தேய்த்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.

துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கொண்ட மினரல் வகைகள் பொதுவாக எரிப்பதில்லை. அவை எண்ணெயில் கரையாத நுண்துகள்கள். ஆனால் மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் வெள்ளை பூத்ததுபோலத் தெரியும். இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள வகை அதைக் குறைக்கும். 'மினரல்' என்று முகப்பில் இருந்தாலும் வேறு வடிகட்டிகள் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால், பின்புறப் பட்டியலையும் படித்துப் பார்க்க வேண்டும்.

வெயிலில் கிரிக்கெட் ஆடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கன்னம், மூக்கு, கழுத்துக்கு வழக்கமான சன்ஸ்கிரீனே போதும். நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய எலும்பு மேட்டுக்கும் மட்டும் மினரல் ஸ்டிக். அதிலுள்ள மெழுகு பூச்சை எளிதில் வழிய விடாது. இமை விளிம்பையும் இமைமுடியின் வேரையும் தொடக்கூடாது. அங்கே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் காக்கும். அடியில் எண்ணெய்ப் பசையுள்ள கண் க்ரீமைத் தவிர்த்து, பூச்சு படிய 15 நிமிடம் விட்டு மைதானத்தில் இறங்கலாம். வியர்வையைச் சட்டைக் கையால் இழுத்துத் துடைக்காமல் துண்டால் ஒற்றி எடுத்து, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் கை கழுவி, லென்ஸை மாட்டிய பிறகே சன்ஸ்கிரீனைத் தொட வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் லென்ஸைக் கழற்றி, கண்ணைச் சுத்தமான நீரால் நன்கு அலச வேண்டும்.

இமை சிவந்து, வீங்கி, அரித்து, மறுநாளும் தொடர்ந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அந்த க்ரீமை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணில் வலியோ மங்கலோ அலசிய பிறகும் தீராவிட்டால் கண் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும்.