பெரிய பெட்டியில் வைக்கக் கூடாதவை

விமான நிலையத்தில் செக்-இன் கவுன்ட்டருக்குப் போனதும் பெரிய பெட்டியை எடை போட்டு, கைப்பிடியில் ஒரு நீளச் சீட்டைச் சுற்றி ஒட்டி, பெல்ட்டில் அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நாம் பார்ப்பது இறங்கிய ஊரில்தான். வெளிநாடு என்றால் அங்கே இமிகிரேஷனையும் தாண்டியாக வேண்டும். வெளியூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி டிக்கியைத் திறக்கச் செய்வதுபோல, நடுவழியில் ஒரு மாத்திரைக்காக அதைத் திறக்க வழியே இல்லை. முதன்முறை விமானம் ஏறுகிறவர்கள் எதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று குழம்பினால், இந்த ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும்: கவுன்ட்டரில் பெட்டியைக் கொடுப்பதற்கும் அங்கே போய் எடுப்பதற்கும் இடையில் எது தேவைப்படுமோ, அது நம்மிடம் இருக்க வேண்டும்.

புதுக்கோட்டையிலிருந்து ஓர் அம்மா, மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுத்து வைத்திருப்பவை: புடவைகள், முறுக்கு, பத்தியப் பொடி, பிரசவ லேகியம், நல்லெண்ணெய், குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு, தன்னுடைய பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி, செல்போனுக்கு ஒரு பவர் பேங்க்.

முதலில் எடை. எத்தனை கிலோ அனுமதி என்பது விமான நிறுவனத்துக்கும் டிக்கெட்டுக்கும் ஏற்ப மாறும்; அது டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். கையோடு உள்ளே கொண்டுபோகும் கேபின் பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ. வீட்டில் எடைமெஷின் இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும், வெறுங்கையோடு ஒருமுறையும் ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம். ஓரிரு கிலோ குறைவாகவே கட்டுவது நல்லது. கூடினால் கிலோவுக்கு இவ்வளவு என்று கவுன்ட்டரிலேயே கேட்பார்கள்.

புடவை, முறுக்கு, பொடி எல்லாம் பெரிய பெட்டிக்கு. லேகியமும் எண்ணெயும்கூட அங்கேதான் போக வேண்டும். வெளிநாட்டு விமானங்களில் திரவம், களிம்பு, குழைவான பொருள் எதுவானாலும் 100 மில்லிக்கு மேற்பட்ட கொள்கலனில் கேபினுக்குள் விடமாட்டார்கள். லேகியமும் இந்தக் கணக்கில்தான் வரும். பார்ப்பது உள்ளே இருக்கும் அளவை அல்ல, பாட்டிலின் கொள்ளளவை. 200 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் எண்ணெய் இருக்கிறது என்றாலும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் வைக்கும்போது மூடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, தனிக் கவரில் போட்டு, புடவைகளுக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். பொடி அரைக்கும்போது கசகசாவை விட்டுவிடலாம். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். கொப்பரைத் தேங்காய் தீப்பற்றக்கூடியது என்பதால் அதையும் பெட்டியில் கட்டக் கூடாது.

பவர் பேங்குக்கு விதி நேர் எதிர். அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. அதிலுள்ள லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் கேபினில் பணியாளர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும்; கீழே சரக்கறையில் யாரும் இல்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 10,000, 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்குகள் கேபினில் அனுமதிக்கப்பட்ட 100 வாட்-அவர் வரம்புக்குள்தான் வரும். எழுத்து அழிந்து அளவு தெரியாமல் இருந்தால் சோதனையில் மறுக்கலாம். மறந்து பெட்டியில் வைத்துவிட்டால் ஸ்கேனரில் தெரிந்துவிடும். நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

மாத்திரை, கண்ணாடி, கொலுசு, ஒரு மாற்றுத்துணி ஆகியவை கேபின் பைக்கு. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் பிரஷர் மாத்திரையைத் தள்ளிப்போட முடியாது. மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடும், டாக்டர் சீட்டோடும் வைத்துக்கொண்டால் யார் கேட்டாலும் காட்டலாம்.

பாஸ்போர்ட்டையும் கேபின் பையில் வைத்துவிடலாம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அங்கே ஒரு சிக்கல் உண்டு. விமானம் நிறைந்துபோகும் நாட்களில் தலைக்கு மேலுள்ள அறைகளில் இடம் போதாது. கடைசியாக ஏறுகிறவர்களின் கேபின் பைகளை வாசலிலேயே வாங்கி, சீட்டு ஒட்டி, கீழே சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, அந்த அவசரத்தில் பாஸ்போர்ட், பவர் பேங்க், மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது பெரும்பாடு. அதனால் மூன்றாவதாக, தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் சின்ன ஜிப் பை ஒன்று வேண்டும். ஆவணங்கள், கொஞ்சம் பணம், ஒரு நாளைக்கான மாத்திரை, பவர் பேங்க் எல்லாம் அதில். இருக்கையில் உட்கார்ந்ததும் அது முன் இருக்கைக்கு அடியில் போய்விடும்.

அந்தப் பையில் காகிதங்களை, கேட்கப்படும் வரிசையிலேயே அடுக்கலாம். முனைய வாசலில் நிற்கும் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்ப்பார். கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டும் விசாவும். அங்கே போர்டிங் பாஸ் தருவார்கள். பெட்டிச் சீட்டின் துண்டை அதன் பின்புறம் ஒட்டித் தருவது வழக்கம். நகர்வதற்கு முன் பெட்டியில் ஒட்டிய சீட்டில் SIN என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். சிங்கப்பூருக்கான குறியீடு அதுதான். அடுத்து இமிகிரேஷனில் பாஸ்போர்ட், விசா, போர்டிங் பாஸ். கடைசியாக விமானம் ஏறும் வாசலிலும் பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும்.

இடையில் வரும் பாதுகாப்புச் சோதனையில்தான் ஆவணங்கள் கைவிட்டுப் போகும். அங்கே ஜிப் பையையும் தட்டில் வைத்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். பெண்களைத் திரைக்குப் பின்னால் தனியாகச் சோதிப்பார்கள். அதற்குள் பை மறுபக்கம் வந்து கிடக்கும். தட்டு இயந்திரத்துக்குள் நுழைவதைப் பார்த்த பிறகே நகர்வதும், சோதனை முடிந்ததும் முதலில் அந்தப் பையை எடுத்துத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

சிங்கப்பூர் இமிகிரேஷனுக்கு இரண்டு காகிதங்கள் தயாராக இருக்கட்டும். ஒன்று, எஸ்.ஜி. அரைவல் கார்டு நிரப்பியதற்கான ஒப்புகை. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்ப வேண்டியது இது. மகளே அங்கிருந்து செய்துவிடலாம். இன்னொன்று, மகளின் முகவரியும் போன் எண்ணும் எழுதிய தாள். ரோமிங் போடாத இந்திய சிம் அங்கே வேலை செய்யாது. வாட்ஸ்அப்பில் இருக்கிறது என்று நம்பிப் போனால் அதைத் திறக்க முடியாமல் நிற்க நேரலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்றைப் பெரிய பெட்டியில் போட்டு, படத்தை மகளுக்கும் அனுப்பி வைத்துவிட்டால், அசல் தொலைந்தால் கைகொடுக்கும்.

பெட்டி பெல்ட்டில் வரவில்லை என்றால் வெளியே போய்விடக் கூடாது. அந்தக் கூடத்திலேயே லக்கேஜ் புகார் மேசை இருக்கும். போர்டிங் பாஸில் ஒட்டிய துண்டில் இருக்கும் எண்ணைக் காட்டிப் புகார் பதிந்து, அந்த அறிக்கையின் நகலைக் கையோடு வாங்க வேண்டும். பெட்டி உடைந்து வந்தால் 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சர்வதேசப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின் விதி. தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாட்கள். எனவே மகள் வீடு போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறந்து, எல்லாம் சரியாக இருப்பதைப் பார்க்கும்வரை அந்தத் துண்டுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது.