அடி சேர்ந்தாரா, இரண்டறக் கலந்தாரா?

மாமியின் அந்தியேட்டிக்கு நினைவுமலர் அடிக்கும்போதுதான் இந்தச் சிக்கல் வந்தது. நாங்கள் இருப்பது லண்டன் மோர்டனில். உறவினர் ஒருவர் 'இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதி அனுப்பினார். இன்னொருவர் அதை 'இறைவனோடு இரண்டறக் கலந்தார்' என்று மாற்றிவிட்டார். எட்டு வயது மகன் கேட்டான்: "அப்ப அம்மம்மா கடவுளா மாறிட்டாவோ அப்பா?"

கேள்வி சின்னதில்லை. அடி சேர்வதென்றால் சேர ஓர் ஆள் வேண்டும். இரண்டறக் கலந்தால் அந்த ஆள் எங்கே?

வேதாந்திகள் இதற்காக ஒரே வாக்கியத்தை வேறு வேறாகப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவிடம், தண்ணீரில் உப்பைப் போடச் சொல்கிறார். மறுநாள் உப்பைத் தேடினால் இல்லை. மேலே, நடுவே, அடியில் எங்கே குடித்தாலும் உப்புக் கரிக்கிறது. பிறகு, 'ஸ ஆத்மா தத் த்வம் அஸி' என்கிறார். அதுதான் ஆன்மா, அது நீயே. சங்கரர் இதை அப்படியே எடுத்தார்: உயிரும் பிரம்மமும் ஒன்று, வேற்றுமை அறியாமையால் தெரிவது.

13ஆம் நூற்றாண்டில் உடுப்பியின் மத்வர் அதே ஒலியை 'ஆத்மா அதத்' என்று பிரித்தார். 'நீ அது அல்ல' என்று பொருள் தலைகீழாகிவிட்டது. வடமொழிப் புணர்ச்சி விதி இதற்கு இடம் கொடுக்கிறது. ஓதும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும். ஆனாலும் முதல் பிரிப்புத்தான் இயல்பாகப் படுகிறது எனக்கு. மத்வரின் கவலையும் நியாயமானது: எல்லாம் ஒன்றென்றால் யார் யாரைக் கும்பிடுவது?

எங்கட ஆட்கள் பெரும்பாலும் சைவ சித்தாந்த வழி. அங்கேயும் பதில் ஒரு புணர்ச்சியில்தான் இருக்கிறது, அது தமிழ்ப் புணர்ச்சி. 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் 'தாடலை' என்ற சொல்லைக் காட்டுகிறார். தாள் + தலை = தாடலை. தாள் இறைவனுடையது, தலை உயிருடையது. சேர்ந்தபோது ளகரமும் தகரமும் போய், அந்த இடத்தில் டகரம் ஒன்றே நிற்கிறது. எழுத்தில் பார்த்தால் ஒரே சொல். பொருளில் பார்த்தால் தாளும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. அத்துவிதம் என்றால் 'ஒன்றே' அல்ல, 'பிரிவில்லை' என்று மெய்கண்டார் சொன்னதன் விளக்கம் இது. முழுக்க ஒன்றாகிவிட்டால் இன்பத்தை அனுபவிக்க ஆளில்லை. முழுக்க வேறென்றால் சேர்ந்ததாகச் சொல்ல முடியாது.

இதற்கும் எல்லை உண்டு. புணர்ந்த சொல்லைத் திரும்பப் பிரிக்கலாம்; முத்தியடைந்த உயிர் பிரிந்து வராது என்கிறது சித்தாந்தம்.

மகனுக்கு ஒரு தாளில் இரண்டு சொல்லையும் எழுதி, சேர்த்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் டகரத்தையே பார்த்தான். "அப்ப அம்மம்மா உள்ளுக்க இருக்கிறா" என்றான்.

மலரில் 'இறைவனடி சேர்ந்தார்' என்றே அச்சாகியது. மாற்றி எழுதிய உறவினருக்கு இன்னும் கோபம்.